அக்டோபரா, நவம்பரா: ஒரு ஜவுளிக்கடையின் தீபாவளிக் கணக்கு

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு நடுத்தர ஜவுளிக்கடைக்கு நான் கணக்கு பார்க்கிறேன். ரெடிமேடும் புடவையும் விற்கிற கடை. ஆண்டு விற்பனை 60 லட்சத்தைச் சுற்றி இருக்கும். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். இந்த ஜூலையில் தீபாவளிக் கொள்முதலுக்குப் பட்டியல் போட உட்கார்ந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அக்டோபர்ல எவ்வளவு விக்கும், நவம்பர்ல எவ்வளவு விக்கும்? அதை மட்டும் சொல்லும். செக்குத் தேதியை நான் போட்டுக்கிடுதேன்.”

கேட்பதற்கு எளிமையான கேள்வி. பதில் சொல்லப் புத்தகத்தில் ஒரு வழியும் இருக்கிறது. பருவகாலக் குறியீடு என்பார்கள். ஓர் ஆண்டின் மொத்த விற்பனையைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதச் சராசரி கிடைக்கும். ஒவ்வொரு மாத விற்பனையையும் அந்தச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் அந்த மாதத்தின் குறியீடு. 100 என்றால் சராசரி மாதம். 200 என்றால் இரண்டு மடங்கு. 50 என்றால் பாதி. மூன்று ஆண்டுக்கு இப்படிப் போட்டு, ஜனவரிகளை ஜனவரிகளோடும் பிப்ரவரிகளைப் பிப்ரவரிகளோடும் சேர்த்துச் சராசரி எடுத்தால் வேலை முடிந்தது. எக்செல்லில் ஒரு வரிதான். ஜனவரி விற்பனை B2-வில் தொடங்கி டிசம்பர் B13-ல் முடிகிறது என்று வைத்துக்கொண்டால்:

```
=B2/AVERAGE(B$2:B$13)*100
```

கடையின் எண்களைக் கொஞ்சம் தோராயமாக்கித் தருகிறேன். 2023-ல் விற்பனை 48 லட்சம், 2024-ல் 54, 2025-ல் 60. மாதச் சராசரி முறையே 4, 4.5, 5 லட்சம். எல்லாம் வரி நீக்கிய மதிப்பு. இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் துணிமணிக்கு ஜிஎஸ்டி விகிதம் மாறியது. 1,000 ரூபாய்க்கு மேல் 2,500 வரையிலான உடைகளுக்கு 12 விழுக்காடு இருந்த இடத்தில் 5 வந்தது. பில் தொகையை அப்படியே எடுத்தால், அந்த வித்தியாசமும் விற்பனை ஏற்ற இறக்கம் போலக் கணக்கில் புகுந்துவிடும்.

இனி அந்த இரண்டு மாதங்கள். 2023-ல் அக்டோபர் 5.6 லட்சம், நவம்பர் 8.4. குறியீடு 140, 210. 2024-ல் அக்டோபர் 12.6, நவம்பர் 2.25. குறியீடு 280, 50. 2025-ல் அக்டோபர் 12.5, நவம்பர் 2.5. குறியீடு 250, 50. மூன்றாண்டுச் சராசரி எடுத்தால் அக்டோபருக்கு 223, நவம்பருக்கு 103.

புத்தகப்படி இதுதான் பதில். அண்ணாச்சிக்கு இதைக் கொடுத்தால், நவம்பரை ஒரு சாதாரண மாதம் என்று நினைத்துக்கொள்வார். ஆனால் மேலே உள்ள நவம்பர்களைத் திரும்பப் பாருங்கள்: 210, 50, 50. இவற்றில் எதுவும் 103-க்குப் பக்கத்தில்கூட இல்லை. இந்தக் கடையில் ‘சாதாரண நவம்பர்’ என்று ஒன்று நடந்ததே கிடையாது. நவம்பர் ஒன்று கொட்டும், இல்லாவிட்டால் காயும். சராசரி அந்த இரண்டையும் கலந்து, எந்த வருடமும் நடக்காத ஒரு மாதத்தை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறது.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. இந்த ஆண்டு நவம்பர் 8. பண்டிகை நகர்கிறது, மாதத்தின் எல்லை நகரவில்லை. ஜவுளியில் தீபாவளி வியாபாரம் அதற்கு முந்தைய நான்கு வாரத்தில் நடப்பது. ஆக, பண்டிகை எந்தத் தேதி என்பதைப் பொறுத்து அந்த நான்கு வாரம் முழுக்க அக்டோபரில் விழும், அல்லது அக்டோபர் நவம்பர் இரண்டிலும் பிரிந்து விழும், அல்லது 2025 போலச் செப்டம்பர் வரைக்கும் நீளும். அந்த ஆண்டுச் செப்டம்பர் குறியீடு 88. முந்தைய இரண்டு ஆண்டும் அது 70-ஐ ஒட்டித்தான் இருந்தது. செப்டம்பரில் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. தீபாவளியின் வால் அங்கே வந்து விழுந்தது, அவ்வளவுதான்.

“ஆங்கில மாசத்தை விட்டுட்டுத் தமிழ் மாசத்துக்குப் போடும் வே, தீபாவளி ஐப்பசியிலதான வரும்” என்றார் அண்ணாச்சி. நல்ல யோசனைதான். பொங்கலுக்கும் ஆடித் தள்ளுபடிக்கும் அது பொருந்தும். இரண்டும் சூரியக் கணக்கில் வருபவை. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது. ஐப்பசிக்குள்ளேயே அது முன்னும் பின்னும் போகும். 2023-ல் ஐப்பசி 26-ல் வந்தது. 2025-ல் ஐப்பசி 3-லேயே வந்துவிட்டது. அந்த ஆண்டுத் தீபாவளிக்கு இந்த ஊர் ஜனங்கள் துணி எடுத்தது பெரும்பாலும் புரட்டாசியில். மாதத்தின் பெயரை மாற்றினால் அதே கோளாறு வேறு இடத்தில் தலை காட்டும்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் நகரும் சராசரி முறையைச் சொல்வார்கள். பன்னிரண்டு மாதச் சராசரியை ஒவ்வொரு மாதமாக நகர்த்தி, அதை மையப்படுத்தி, விற்பனையை அதனால் வகுப்பது. வளர்ச்சியைப் பிரித்தெடுக்க அது நல்ல முறைதான். ஆண்டுக்கு 11, 12 விழுக்காடு வளர்கிற கடையில், ஆண்டுச் சராசரியால் வகுத்தால் ஜனவரி ஐந்து விழுக்காடு போலக் குறைத்தும் டிசம்பர் ஐந்து விழுக்காடு போலக் கூட்டியும் காட்டப்படும். நகரும் சராசரி அதைச் சரி செய்யும். ஆனால் நம் ஊர்த் தரவில் அதற்கு ஒரு பொறி இருக்கிறது. 2023 நவம்பர் முதல் 2024 அக்டோபர் வரை பன்னிரண்டு மாதத்தைக் கூட்டிப் பாருங்கள். 2023 தீபாவளியின் பெரும்பகுதியும் அதற்குள் இருக்கிறது, 2024 தீபாவளி முழுவதும் அதற்குள் இருக்கிறது. கூட்டுத்தொகை 57 லட்சத்தைத் தாண்டுகிறது. 2023-ன் மொத்தம் 48, 2024-ன் மொத்தம் 54. இரண்டையும் விடப் பெரிய ஒரு ‘ஆண்டு’ இடையில் எப்படி வந்தது? ஒன்றரைத் தீபாவளிக்கு மேல் உள்ளே இருப்பதால் வந்தது. இந்த ஆண்டு இதற்கு நேர்மாறு. 2025 நவம்பர் முதல் 2026 அக்டோபர் வரை கூட்டினால் ஒரு முழுத் தீபாவளிகூட அதில் இருக்காது. வளர்ச்சி என்றும் சரிவு என்றும் அந்தக் கோடு காட்டுவது பஞ்சாங்கத்தின் ஆட்டம்தான்.

ஆகையால் நான் செய்வது இது. எந்தச் சராசரியும் எடுக்கும் முன்பு தீபாவளியை மாதக் கணக்கிலிருந்து தனியே எடுத்துவிடுவது. அதை மாதத்தால் அளக்காமல், ‘தீபாவளிக்கு இத்தனை நாள் முன்பு’ என்று அளப்பது. மீதி உள்ள ஆண்டுக்கு வழக்கம்போலக் குறியீடு போடுவது. கடைசியில் இந்த ஆண்டின் தேதியில் தீபாவளியைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பது.

இதற்கு மாத விற்பனை போதாது, நாள் விற்பனை வேண்டும். பில் போடும் மென்பொருள் எதுவாக இருந்தாலும் நாள்வாரி விற்பனையை எக்செல்லாக எடுத்துக்கொள்ள முடியும். அது இல்லாத கடையில் ராத்திரி கல்லா எண்ணி எழுதுகிற நோட்டு போதும். தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரத்தை மட்டும் அதிலிருந்து எடுத்தால் சரி. A நெடுவரிசையில் தேதி, B-யில் விற்பனை, F2-வில் அந்த ஆண்டின் தீபாவளித் தேதி என்று வைத்தால், முந்தைய நாள் வரையிலான 28 நாள் விற்பனை இப்படி வரும்:

```
=SUMIFS(B:B,A:A,">="&F2-28,A:A,"<"&F2)
```

28-க்குப் பதில் 7 போட்டால் கடைசி வாரம். மற்ற வாரங்களுக்கு இரண்டு எல்லையையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். 28 நாள் என்பது இந்தக் கடையின் நாள்வாரி எண்களைப் பார்த்து எடுத்த முடிவு. அதற்கு முந்தைய வாரத்தில் விற்பனை சாதாரண நாளைப் போலவே இருந்தது, அதனால் அங்கே வெட்டினேன். மளிகைக் கடையாக இருந்தால் பத்து நாள் போதும். நகைக்கடைக்கோ பாத்திரக் கடைக்கோ வேறு மாதிரி வரும். நாள் விற்பனையை ஒரு கோடாக வரைந்து, எந்த இடத்தில் எழும்பத் தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வதே நல்லது.

எடுத்துப் பார்த்தபோது ஆட்டம் நின்றுவிட்டது. நான்கு வார விற்பனை 2023-ல் 11 லட்சம், 2024-ல் 12.3, 2025-ல் 13.8. ஆண்டு மொத்தத்தில் இவை 22.9, 22.8, 23 விழுக்காடு. நவம்பர் குறியீடு 210-க்கும் 50-க்கும் இடையே குதித்த அதே கடைதான். தீபாவளியின் பங்கு மட்டும் அசையவே இல்லை. இவ்வளவு ஒட்டி வருவது அதிர்ஷ்டம்தான், எல்லாக் கடையிலும் இப்படி வராது. இரண்டு மூன்று விழுக்காடு முன்னே பின்னே இருந்தாலும் பயன்படுத்தலாம். பத்து விழுக்காடு ஆடினால் வேறு காரணம் இருக்கிறது என்று பொருள்: பக்கத்தில் புதுக்கடை வந்திருக்கும், அல்லது ஒரு வருடம் சரக்கு போதாமல் போயிருக்கும். சரக்கு தீர்ந்துபோன வருடத்தின் விற்பனை, கேட்டு வந்தவர்களின் கணக்கைச் சொல்லாது. அலமாரியில் இருந்ததன் கணக்கைத்தான் சொல்லும்.

அந்த 28 நாளுக்குள் வாரப் பங்கு எப்படி? முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை வரிசையாக 12, 18, 28, 42 விழுக்காடு. கடைசி வாரத்தின் பங்குதான் அதிகம் ஆடுகிறது. அதில் மழைக்கும் கூலிக்கும் கை இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அந்த நேரத்தில்தான். கூலி என்று வந்தால் இந்தப் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களின் போனஸ் எந்த நாளில் கைக்கு வருகிறது என்பது முக்கியம். மாதச் சம்பளக்காரர்களுக்குத் தீபாவளி 20-ம் தேதி வந்தால் ஒரு மாதிரி, சம்பளம் வாங்கிய கையோடு 8-ம் தேதி வந்தால் வேறு மாதிரி. இந்த ஆண்டு கடைசி வாரம் கூடுதலாகவே கனக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதை எண்ணாக்கக் கையில் ஆதாரம் இல்லை, அதனால் 42-ஐ 42-ஆகவே விட்டிருக்கிறேன்.

தீபாவளியை எடுத்த பிறகு மிச்ச ஆண்டு. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 28 நாளை எடுத்துவிட்டால் 2024 அக்டோபரில் மிஞ்சுவது 3 நாள், 2023 அக்டோபரில் 14 நாள். மாத மொத்தத்தை வைத்து ஒப்பிட முடியாது. எனவே மிச்ச நாட்களின் விற்பனையை மிச்ச நாட்களின் எண்ணிக்கையால் வகுத்து, நாளுக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்ள வேண்டும். குறியீடு அதன் மேல்தான். மூன்று நாளை வைத்துக்கொண்டு ஒரு மாதத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்பதால் 2024 அக்டோபரை விட்டுவிட்டேன்.

டிசம்பரில் வேறொரு சிக்கல். கிறிஸ்துமஸ் தேதி மாறாது; பாளையங்கோட்டையில் தொடங்கி நாசரேத், சாயர்புரம் வரை கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைந்த சீமை இது. டிசம்பரின் இரண்டாம் பாதி எந்த ஜவுளிக்கடைக்கும் சின்னத் தீபாவளி மாதிரி. 2024-லும் 2025-லும் டிசம்பர் குறியீடு 120, 118. ஆனால் 2023-ல் 65. அது ஏன் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. டிசம்பர் 17, 18 வெள்ளம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. தாமிரபரணி கரை மீறி, சாலையும் ரயிலும் நின்று, கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க வேண்டிய வாரம் அப்படியே போனது.

மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் டிசம்பர் 101. அந்த எண்ணை நம்பினால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மூன்றில் ஒரு பங்கு வெள்ளத்துக்கு ஒதுக்கிச் சரக்கு வாங்குவதாக ஆகும். வெள்ளத்துக்கு ஒதுக்க வேண்டியது காப்பீட்டிலும் கையிருப்பிலும், குறியீட்டில் அல்ல. இதற்குச் சராசரியை விட இடைநிலை அளவு நல்லது. மூன்று எண்ணையும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுப்பது. 65, 118, 120 என்றால் 118. எக்செல்லில் மூன்றாண்டுக் குறியீடுகளைச் சேர்க்கிற இடத்தில் மட்டும் `AVERAGE`-க்குப் பதில் `MEDIAN` போட்டால் போதும்; முதலில் தந்த சூத்திரத்தில் உள்ள `AVERAGE` அப்படியே இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் பன்னிரண்டு குறியீடுகளின் கூட்டுத்தொகை சரியாக 1200 வராது. ஒவ்வொன்றையும் 1200-ஆல் பெருக்கி, வந்திருக்கும் கூட்டுத்தொகையால் வகுத்துவிட வேண்டும்.

மற்ற மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொங்கல் ஜனவரி நடுவில், ஆடி ஜூலை பாதியில் தொடங்கி ஆகஸ்ட் பாதியில் முடிவது, பள்ளித் திறப்பு ஜூனில். வருடா வருடம் ஒரே இடத்தில் விழுவதால் சாதாரணக் குறியீடே இவற்றைப் பிடித்துக்கொள்கிறது. சித்திரை, வைகாசி, ஆடியில் அம்மன் கோயில் கொடைகளுக்கு அந்தந்தத் தெருக்காரர்கள் துணி எடுப்பார்கள். பத்து ஊர்க் கொடை சேர்ந்து ஒன்றையொன்று சமன் செய்துவிடும். கோடையில் ஓடுகிற ஒன்று ரம்ஜான். 2023-ல் ஏப்ரல் 22, 2024-ல் ஏப்ரல் 11, 2025-ல் மார்ச் 31. ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறது. இந்தக் கடைக்கு அதன் பங்கு சிறியது, விட்டுவிட்டேன். மேலப்பாளையத்திலோ கடையநல்லூரிலோ கடை வைத்திருப்பவர் தீபாவளிக்கு நான் செய்ததை ரம்ஜானுக்கும் செய்தே ஆக வேண்டும்.

சரி, இந்த ஆண்டுக்கு வருவோம். முதலில் ஆண்டு மொத்தம் எவ்வளவு வரும்? வெள்ளம் இல்லாத 2024, 2025 இரண்டிலும் ஜனவரி முதல் ஜூன் வரை ஆண்டு விற்பனையில் 41 விழுக்காடு நடந்தது. இந்த ஆண்டு அதே ஆறு மாதத்தில் 27.1 லட்சம். 0.41-ஆல் வகுத்தால் 66 லட்சம். அதில் 22.9 விழுக்காடு தீபாவளி நான்கு வாரம், அதாவது 15.1 லட்சம். நவம்பர் 8-லிருந்து 28 நாள் பின்னால் போனால் அக்டோபர் 11. வாரங்கள் அழகாக மாத எல்லையில் வெட்டிக்கொள்கின்றன: முதல் மூன்று வாரம் அக்டோபர் 31-ல் முடிகிறது, கடைசி வாரம் நவம்பர் 1 முதல் 7 வரை. ஆக 15.1 லட்சத்தில் 8.8 அக்டோபரில், 6.3 நவம்பரின் முதல் ஏழு நாளில். இதோடு மிச்ச நாட்களைச் சேர்த்தால் அக்டோபர் ஏறத்தாழ 9.9, நவம்பர் 8.4.

புத்தகக் குறியீட்டை நம்பியிருந்தால்? 66 லட்சத்தின் மாதச் சராசரி 5.5. அக்டோபர் 12.3, நவம்பர் 5.7 என்று வந்திருக்கும். இரண்டு மாதத்தையும் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அதில் 18 லட்சம், இதில் 18.3. சரக்கு மட்டும் என்றால் இதனால் பெரிய கேடு வராது, இரண்டு மாதத்துக்கும் சேர்த்துத்தானே வாங்குகிறோம். அடி விழுவது பணத்தில்.

அண்ணாச்சிக்கு நூற்றுக்கு 25 ரூபாய் மொத்த லாபம் நிற்கும். 15.1 லட்சத்துக்கு விற்க 11.3 லட்சத்துக்குச் சரக்கு வேண்டும். அதில் முக்கால் பங்கு, 8.5 லட்சம், செப்டம்பர் நடுவில் சூரத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வருகிறது. 45 நாள் கடன், அக்டோபர் 28 தேதியிட்ட செக். மீதி 2.8 லட்சம் அக்டோபர் கடைசி வாரத்தில் மதுரை மொத்தக் கடையில் ரொக்கம் கொடுத்து எடுப்பது. கடைப்பிள்ளைகளுக்குப் போனஸ் 80 ஆயிரம், வாடகை மற்றவை 40 ஆயிரம். ஆக அக்டோபர் 28-க்குள் வெளியே போக வேண்டியது 12.5 லட்சம்.

அதற்குள் உள்ளே வருவது எவ்வளவு? அக்டோபர் முதல் பத்து நாள் 1.1, அடுத்த இரண்டு வாரம் 4.5, 25 முதல் 28 வரை நான்கு நாள் 2.4. மொத்தம் 8 லட்சம். மாதத் தொடக்கக் கையிருப்பு 1.5. மூன்று லட்சம் குறையும். அதே செக் நவம்பர் 10-க்கு இருந்தால் இன்னும் எட்டு லட்சம் கல்லாவில் சேர்ந்திருக்கும். போன ஆண்டு அக்டோபர் 20-ல் தீபாவளி முடிந்திருந்ததால் 28-ம் தேதிச் செக் சுகமாகப் போனது. அதே பழக்கத்தில் அதே தேதியைப் போட்டால் இந்த ஆண்டு திரும்பி வந்துவிடும்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சரக்கு வித்துரும், ஆனா செக்கு திரும்பும்னு சொல்லுதீரு. அப்படித்தான?” அப்படித்தான் என்றேன்.

தீர்வு பெரிய வித்தை இல்லை. 8.5 லட்சத்தை இரண்டு செக்காகப் பிரித்து, பாதியை அக்டோபர் 28-க்கும் பாதியை நவம்பர் 10-க்கும் கேட்பது. அப்படிச் செய்தால் 28-ம் தேதிக்குள் போக வேண்டியது 8.25 லட்சமாகக் குறையும், கையில் ஒன்றேகால் லட்சம் மிஞ்சும். தீபாவளி தேதி சரக்குக்காரருக்கும் தெரியும். செப்டம்பரில் ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். அக்டோபர் 27-ல் போன் போட்டுக் கேட்டால் குரல் வேறு மாதிரி இருக்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால் வங்கி ஓவர்டிராப்ட். 3 லட்சத்தை 12 நாளுக்கு 11 விழுக்காடு வட்டியில் எடுத்தால் ஆயிரத்து நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் அதற்கும் வரம்பை ஆகஸ்டிலேயே கேட்டு வாங்கி வைக்க வேண்டும். இரண்டும் இல்லாதவன் கடைசி நேரத்தில் போய் நிற்கிற இடம் எது என்று இந்தச் சீமையில் தெரியும். நூற்றுக்குப் பத்து ரூபாய் மாத வட்டி என்றால் அதே 3 லட்சத்துக்கு 30 ஆயிரம். தீபாவளி லாபத்தில் ஒரு நல்ல துண்டு.

இன்னொன்றையும் பணத் திட்டத்தில் எழுதி வைத்தோம். நவம்பர் 8 முதல் மாதக் கடைசி வரை 23 நாளில் வருவது 2.1 லட்சம்தான். கல்லா நிறைந்திருக்கும் அந்த 7-ம் தேதி இரவில் பார்க்கிற பணத்தில் 4.25 லட்சம் சரக்குக்காரருடையது, இன்னொரு பங்கு கிறிஸ்துமஸ் சரக்குக்கு. வண்டி மாற்றலாமா என்ற பேச்சு வழக்கமாக அந்த வாரத்தில்தான் எழும்.

இந்தக் கணக்கெல்லாம் மூன்றே மூன்று தீபாவளியின் மேல் நிற்கிறது. நான்காவது தீபாவளி இவற்றைப் போலவே நடந்துகொள்ளும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. அதனால்தான் கொள்முதலில் கால் பங்கைப் பிடித்து வைத்தோம். வாரப் பங்கு இங்கே இன்னொரு தடவை உதவுகிறது. முதல் இரண்டு வாரம் சேர்ந்து 30 விழுக்காடு. அக்டோபர் 24 இரவு கல்லா எண்ணும்போது அந்த இரண்டு வார விற்பனையை 0.30-ஆல் வகுத்தால் முழுத் தீபாவளியின் மதிப்பீடு கிடைத்துவிடும். 4.5 லட்சம் வந்திருந்தால் 15 லட்சம், திட்டப்படியே போகிறோம், மதுரைக்கு 2.8 லட்சத்தோடு வண்டி ஏறலாம். 3.8 லட்சம்தான் வந்திருந்தால் மதிப்பீடு 12.7-க்கு இறங்கும், அதற்கு வேண்டிய சரக்கு 9.5 லட்சம், 8.5 ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறது, ஆக மதுரையில் ஒரு லட்சத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. எடுப்பதையும் பிள்ளைகள் உடையாக எடுப்பது நல்லது, கடைசி வாரத்தில் அதிகம் ஓடுவது அதுதான். அந்த இரண்டு வாரத்தில் நாலைந்து நாள் அடைமழை பெய்திருந்தால் மட்டும் இந்த வகுத்தலை அப்படியே நம்ப வேண்டாம். மழையில் வராதவர்கள் பிறகு வருவார்கள். அப்படிப்பட்ட ஆண்டில் 26-ம் தேதி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு எடுக்கலாம். மதுரை போய் வர ஒரு நாள்தான்.